பத்தாம் கட்டிலுக்கு ஊற்றிய பாயசம்

அந்த டிசம்பரில் எனக்குக் கால் தரையில் படவில்லை. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், தர்மபுரிப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி, கிறிஸ்துமஸ் வேறு. வார்டு முழுக்கக் காகித நட்சத்திரம் கட்டினேன். தெர்மாமீட்டரை உதறும்போதுகூடப் பாட்டுதான். பைத்தியம் முற்றிவிட்டது என்று ஆயாம்மா சிரிப்பார்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வத்தல்மலையிலிருந்து ஒருத்தியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். முப்பது வயதிருக்கும். மழை பொய்த்த வருஷம். வீட்டில் இருந்த கொஞ்சம் சாமையைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, இவள் மாதக்கணக்கில் கிழங்கும் வெறும் தண்ணீருமாய் ஓட்டியிருக்கிறாள். எலும்பின்மேல் தோலைப் போர்த்தின மாதிரி இருந்தாள். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

எங்கள் டாக்டரும் ஒரு கன்னியாஸ்திரிதான், டாக்டர் சிஸ்டர் என்போம். அவர் அளவு எழுதிக் கொடுத்தார். தண்ணீர் கலந்த பால், இரண்டு மணிக்கொரு தரம் கால் டம்ளர். வைட்டமின் பி-ஒன் ஊசி. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் பொட்டாசியம் மருந்து. அவ்வளவுதான்.

"ஏம்மா நர்ஸம்மா, பூனைக்கு வெக்கிறாப்புல வெக்கிறீங்களே" என்றான் அவள் புருஷன். "நான் அரிசிச் சோறு போடறேன்னு சொல்லிக் கூட்டியாந்தேங்க."

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க" என்றேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

பண்டிகையன்று மத்தியானம் அண்டா நிறையச் சேமியா பாயசம். கரண்டி என் கையில். கட்டில் கட்டிலாய் ஊற்றிக்கொண்டே ஆடாத குறையாகப் போனேன். பத்தாவது கட்டில் அவளுடையது. ஒன்பது பேருக்கு ஊற்றிவிட்டு ஒருத்தியை மட்டும் தாண்டிப் போவதா? பந்தி வஞ்சனை பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல நாளும் அதுவுமாய்! ஊற்றினேன். குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். மறுபடி ஊற்றினேன். மூன்றாவது தரமும். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். புண்ணியம் கட்டிக்கொண்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் காலை அவள் பேசவில்லை. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. கையைத் தூக்கச் சொன்னால் விரல்தான் அசைந்தது. நாடியைப் பிடித்தேன், நாலு அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி, ஒரு நிறுத்தம். டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன்.

"என்ன குடுத்தே?" என்றார் டாக்டர் சிஸ்டர்.

"பாயசம். மூணு டம்ளர். நான்தான், சிஸ்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பட்டினியில உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைச்சுதான் ஓடும். திடீர்னு இனிப்பு உள்ள போனா இன்சுலின் சுரக்கும். ரத்தத்துல மிச்சம் இருக்கிற பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியத்தை எல்லாம் செல்லுக்குள்ள இழுத்துக்கும். ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. அப்ப இருதயம் தடுமாறும். பட்டினியில பொழைச்சவங்க சோத்துல சாகிறது இப்படித்தான்."

பாலைப் பாதியாகக் குறைத்தார், நிறுத்தவில்லை. பொட்டாசியம் மருந்தைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். மறுபடி பி-ஒன் ஊசி. மெக்னீசியத்துக்கு ஓர் ஊசி. சலைன் ஏற்றக் கூடாது, இந்த இருதயம் தாங்காது என்றார். பாஸ்பேட்டை அளக்க எங்களிடம் வசதி இல்லை. பாலில் இருப்பதை நம்பினோம். பொட்டாசியம் பார்க்க ரத்தத்தைச் சேலத்துக்குப் பஸ்ஸில் அனுப்பினோம்.

நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. புருஷன் வாசலில் தூக்குப் போசியோடு நின்றான். சோறு. பிடுங்கி வைத்துக்கொண்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அவ பொழைச்சா போதுங்க" என்று அவன் போய்விட்டான். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் ஒரு மணிக்கொரு தரம் நாடி. நிறுத்தங்கள் குறைந்தன, பிறகு கூடின, மறுபடி குறைந்தன. சேலத்திலிருந்து காகிதம் மூன்றாம் நாள் சாவகாசமாய் வந்தது: பொட்டாசியம் ரொம்பக் குறைவாம். அப்பாடா, கண்டுபிடித்துவிட்டார்கள் மகராசன்கள்!

அன்று காலையே அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணியிருந்தேன். ஒரு நிறுத்தமும் இல்லை. நம்பாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினேன். இல்லை. மூன்றாவது தரம் தொடங்கியபோது அவள் வெடுக்கென்று கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வுடும்மா கைய. எத்தினி வாட்டி எண்ணுவ? எனக்கு ஒண்ணுக்குப் போவணும்."

முந்தாநாள் டம்ளரைப் பிடிக்கத் தெம்பில்லாத கை அது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து எனக்கு மூக்கு ஒழுகியது. இன்னொரு தரம் பிடுங்கு தாயே, இன்னும் பலமாய்ப் பிடுங்கு என்று கையை மறுபடி நீட்டினேன்.