தையல் மெசினும் பத்து இரவுகளும்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கோழித்தீவனம் செய்யும் ஒரு சிறிய ஆலையில் அப்போது எனக்கு ஐந்தாவது வருடம். பொதியிடும் பகுதியில் வேலை. நிறுத்து நிரப்பிய பைகள் ஓடுபட்டியில் நகர்ந்து வரும். அவற்றின் வாயை மெசினில் பிடித்துத் தைத்து அனுப்ப வேண்டும். ஆண்கள் பகல், மாலை, இரவு என்று மூன்று வேலைமுறைகளில் மாறி மாறி வேலை செய்தார்கள். பெண்களுக்குப் பகல் மட்டும்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஆட்களின் வேலைமுறைகளைப் பார்க்கும் ஆளணி அலுவலர் கையில் படிவங்களோடு வந்தார். பெண்களையும் இரவு வேலைக்கு எடுக்கத் தொழில் திணைக்களத்தின் எழுத்து அனுமதி கிடைத்துவிட்டது என்றார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. சம்பளம் ஒன்றரை மடங்கு. மாதத்தில் பத்து இரவுக்கு மேல் இல்லை. பகலில் வேலை செய்தவரை அன்றிரவு கூப்பிட மாட்டார்கள். ஓய்வறை இருக்கும், பெண் மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார், ஏற்றி இறக்க வான் வண்டி வரும்.

"ஒருத்தரையும் வற்புறுத்த ஏலாது. விருப்பம் எண்டால் மட்டும் கையெழுத்து வையுங்கோ. ஒரு கிழமை யோசியுங்கோ" என்றார்.

என் பக்கத்தில் இருந்த, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அக்கா அந்த இடத்திலேயே பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீதியிலேயே. நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

எனக்குக் காசு தேவைதான். ஆனால் அதைவிட வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இரவில் விழித்திருக்கிற உடம்பு என்ன செய்யும்? ஆண்களிடம் கேட்கத் தொடங்கினேன். போர்க்லிப்ட் ஓட்டுகிற அண்ணை ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: "முதல் ரெண்டு நாள் உடம்பு ஏலாது எண்டும். மூண்டாம் நாள் பழகும். பழகினவுடனே முறையை மாத்திப்போடுவாங்கள் தங்கச்சி." இன்னொருவர் பகலில் நித்திரை வரும், ஆனால் தகரக் கூரையின் சூடு விடாது என்றார். ஒருவர் சிரித்துவிட்டு, தனக்குப் பசி எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்றார்.

பசி என்றதும் எனக்குப் பயம் வந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. பிறகு இறங்கிவிட்டது. கிளினிக் டொக்டரிடம் போய்ப் படிவத்தையே காட்டினேன். அவர் அதை முழுக்க வாசித்தார்.

"செய்யவே வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். "ஆனால் உங்களுக்குச் சீனி திரும்பி வாறதுக்கு இடமிருக்கு. நித்திரை குழம்பினால் அதுவும் குழம்பும். இப்ப ஒருக்கா இரத்தம் சோதிப்பம். தொடங்கினால் மூண்டு மாசத்தில திரும்பி வாங்கோ. நடு இரவில சோறு நிறையச் சாப்பிடாதேங்கோ."

மிஞ்சியது பாதைதான். எங்கள் வீடு கட்டைபறிச்சானில், வயலை ஒட்டிய ஒழுங்கையில். வான் மூதூர்ச் சந்தியோடு நின்றுவிடும் என்று படிவத்தில் இருந்தது. காலையில் திரும்பி வருவது வெளிச்சத்தில், பிரச்சினை இல்லை. இரவு எட்டரைக்கு நான் சந்திக்குப் போயாக வேண்டும். கதிர் முற்றுகிற காலத்தில் அந்த வழியில் யானை இறங்கும்.

"நான் மோட்டார்சைக்கிளில கொண்டுவந்து விடுறன்" என்றார் கணவர்.

"வயல் காவலுக்குப் போற நாளில?"

 அந்த நாட்களில் அவர் பொழுது பட்டதும் பரணுக்குப் போய்விடுவார். என் தங்கை வந்து பிள்ளைகளோடு படுப்பாள், அது சரி. ஆனால் என்னைச் சந்தியில் விட அவளால் ஏலாது.

அலுவலரிடம் வானை எங்கள் ஊருக்கு விடச் சொல்லிக் கேட்டேன். "சாரதி உள்வீதிக்கு வரமாட்டார் தங்கச்சி, எண்ணெய்ச் செலவும் கூட" என்றார். எனக்கு அது ஒரு கேள்வியாக நின்றது. சாரதி ஏன் வரமாட்டார்? அடுத்த நாள் வேலை முடிந்து, வானைத் துடைத்துக்கொண்டிருந்த அவரிடமே போனேன்.

"அண்ணை, நீங்கள் வேலை முடிஞ்சு வானை எங்க விடுறனீங்கள்?"

"என்ர வீட்டிலதான். தோப்பூரில."

"அப்ப இரவு வேலை ஆக்களை ஏத்த மூதூருக்கு வெறும் வானோடதான் வருவீங்களோ?"

"ஓம். நேர் றோட்டால."

"கட்டைபறிச்சானால திரும்பி வந்தால் எவ்வளவு கூட?"

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பத்து நிமிசம் வரும். கூடினால் பதினைஞ்சு" என்றார். பிறகு, "இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமாக அலுவலரிடம் போனோம். அவர் சாரதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, எழுதித் தாருங்கோ என்றார். வான் என் வீட்டுப் படலையடியில் ஏற்றிச் செல்லும் என்று படிவத்தின் கீழே எழுதி, அலுவலரை ஒப்பமிடச் செய்துவிட்டு நானும் கையெழுத்து வைத்தேன்.

முதல் மாதம் எனக்குப் புதினமாகத்தான் போனது. விடியப் பாலத்தைக் கடக்கும்போது குடாவில் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். நான் வீட்டுக்குப் போகிறேன், ஊர் வேலைக்குப் போகிறது. வீட்டில் யன்னலுக்குக் கணவரின் இரண்டு சாரங்களைக் கட்டி இருட்டாக்கினேன். பதினொரு மணிக்குத் தகரம் சுட்டு எழுப்பிவிடும். மாமரத்தின் கீழ்ப் பாயைப் போட்டால் பக்கத்து வீட்டு ஆடு வந்து முகரும். எத்தனை மணித்தியாலம் தூங்கினேன் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். ஐந்தைத் தாண்டிய நாள் இரண்டுதான்.

இரண்டாம் மாதத்தில், ஏழாவது இரவு, நாலு மணி இருக்கும். பை வருகிறது, தைக்கிறேன், போகிறது. அடுத்த பையோடு என் இடது கையும் ஊசிக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ராத்தாதான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். என் கையுறையின் விரல் நுனி தீவனப் பையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. விரல் அதற்குள் இல்லை. கையுறை எனக்குப் பெரிதாக இருந்ததால் தப்பியது.

"கண்ணத் துறந்துக்கிட்டே தூங்கினாய் புள்ள" என்றார் ராத்தா.

 நான் தூங்கியது எனக்கே தெரியாமல் போனதுதான் என்னை அதிகம் உலுக்கியது. அன்று காலையே மேற்பார்வையாளரிடம் கதைத்தோம். மூன்று மணிக்குப் பிறகு ஒருவரே தொடர்ந்து மெசினில் நிற்கக் கூடாது, அரை மணிக்கு ஒருக்கா நிறுக்கிற இடத்தில் நிற்பவரோடு மாற வேண்டும் என்று ராத்தா கேட்டார். அளவான கையுறையும் கேட்டார். அளவான கையுறை அந்த மாதமே வந்தது. ஆள் மாறுவதை முதலில் மறுத்தார்கள். தைத்த கையுறையோடு பையை அலுவலரின் மேசையில் கொண்டுபோய் வைத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது மாத முடிவில் இரத்தம் சோதித்தேன். சீனி கொஞ்சம் ஏறியிருந்தது. "இரவு வேலையோ டொக்டர்?" என்று கேட்டேன். "அதுவாயும் இருக்கலாம், நடு இரவில தேத்தண்ணியோட சாப்பிடுற பிஸ்கட்டாயும் இருக்கலாம்" என்றார். நான் பிஸ்கட் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இரவு வேலைக்குக் கொடுத்த விருப்பத்தை முழுவதுமாக மீளப் பெறலாமா, பாதியாகப் பெறலாமா என்று அலுவலரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, தொழில் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். உங்கள் விருப்பம்தான், குறைவாகவும் எழுதித் தரலாம் என்று பதில் வந்தது. மாதம் நாலு இரவு, இரண்டிரண்டாக, நடுவே ஒரு கிழமை இடைவெளி என்று எழுதிக் கொடுத்தேன். காசு எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவு.  அடுத்த நாள் கணவர், பகலில் தகரம் சுடாதிருக்க, கூரையின் ஒரு பக்கத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தார்.

ராத்தா பத்து இரவும் செய்தார், இன்னும் செய்கிறார். அவருக்குப் பகலில் நன்றாக நித்திரை வருமாம். எப்படி என்று பலமுறை கேட்டிருக்கிறேன். படுத்தால் வருது புள்ள என்பார், அவ்வளவுதான்.