ஒரு பிரதான அனுசரணையாளர், இரண்டு சம்மதங்கள்

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் இரண்டாம் வருடம் படித்தபோது, எங்கள் கண்காட்சியின் செலவுக்குப் பணம் தரும் அனுசரணையாளர்களைத் தேடும் வேலை மூன்று பேர் தலையில் விழுந்தது. குழுவின் தலைவர் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர். மற்றவன் காரைதீவுப் பையன். கணனி அவனுக்குக் கைவந்த வேலை. எழுதுகிற வேலை என்னுடையது.

அதற்கு முந்தைய வருடங்களில் கடிதத்தை அச்சடித்துக் கொண்டு கல்முனைக் கடைகளில் ஏறி இறங்குவார்கள். இந்த முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பிறகு நேரில் போகச் சொன்னார் எங்கள் விரிவுரையாளர். என் முதல் வரைவில் "பெருந்திரளான மக்கள் கலந்துகொள்வர்" என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரியில் பேனையை வைத்தார்.

"பெருந்திரள் எண்டா கடைக்காரருக்கு என்ன வெளங்கும்? ஆரு வாறாங்க எண்டு எழுதுங்க புள்ள. அவர்ட சாமான வாங்கிற ஆள் வருதா எண்டுதான் அவர் பார்ப்பார்."

உட்கார்ந்து திருத்தினேன். முதல் நாள் சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர்கள். இரண்டாம் நாள் காலை பெண்களும் பெற்றோரும். அன்று பின்னேரம் வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்காரர்கள், கல்லூரிக் குளக்கரையில் நீர்ப்பம்பி இயக்கிக் காட்டுவதைப் பார்க்க வருவார்கள். பிரதான அனுசரணையாளருக்கு மேடைப் பதாகையில் பெயர், கண்காட்சி மலரின் பின்னட்டை, வாசலோடு ஒட்டிய காட்சிக்கூடம். துணை அனுசரணையாளருக்கு உள்பக்கத்தில் சிறு விளம்பரம். கடைசியாக ஒரு வரி: "பிரதான அனுசரணையாளர் ஒருவர் மட்டுமே, இம்மின்னஞ்சலுக்கு முதலில் பதிலனுப்பி உறுதிசெய்யும் நிறுவனத்துக்கே அவ்விடம் வழங்கப்படும்." அதிபரின் அனுமதிக் கடிதத்தை இணைத்து, ஒவ்வொரு கடைக்கும் அதனதன் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்பினோம்.

இரண்டு நாள் ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கணனி அறைக்குள் நுழைந்தபோது காரைதீவுப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வந்திட்டு! பிரதான இடத்துக்கு ஓமாம். லோகோவும் அனுப்பியிருக்காங்க. நான் நன்றி சொல்லி உறுதிப்படுத்திப் போட்டன்."

கடையின் பெயரைப் பார்த்தேன். பிரதான வீதியில் நீர்ப்பம்பி விற்கும் கடை. அந்த நேரம் நானா உள்ளே வந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு.

"பெரிய இடம் முடிஞ்சிது. ஹாஜியார் காலையில போன் எடுத்தார். ஓம் எண்டு சொல்லிட்டன்."

எந்த ஹாஜியார் என்று கேட்டேன். முதல் கடைக்கு நேர் எதிரே இருக்கும் பம்பிக் கடைக்காரர். இரண்டு கடைக்காரர்களும் ஒரு வாப்பாவின் பிள்ளைகள். எழுபதுகளின் கடைசியில் வாப்பா திறந்த கடை மூத்தவரான ஹாஜியாரிடம் இருக்க, இளையவர் பிரிந்துபோய் வீதிக்கு மறுபக்கம் கடை போட்டிருந்தார். அதற்குப் பிறகு இருவரும் முகம்பார்த்துக் கதைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"மெயிலுக்கு முதல்ல பதில் போட்டவருக்குத்தானே எண்டு நாம எழுதியிருக்கம்" என்றேன்.

"நான் வாயால வாக்குக் குடுத்திட்டன். உறுதிப்படுத்தின மெயில் தவறுதலாப் போயிட்டு எண்டு இளையவருக்கு எழுதுங்க."

"அவர் நம்மட எழுத்த நம்பித்தானே பதில் போட்டார்? பொய் எழுத என்னால ஏலா நானா."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். காரைதீவுப் பையன் நடுவில் வந்து, "முதல்ல மூத்தவர்ட்டப் போய் உள்ளதச் சொல்லுவம்" என்றான்.

அடுத்த நாள் மூவரும் போனோம். மூத்தவர் எங்களை உட்காரவைத்துப் பிளேன்டீ வரவழைத்தார். நான்தான் சொன்னேன்: ஹாஜியார் போனில் சொன்னது உண்மை, ஆனால் எழுத்தில் இன்னொருவர் உறுதிசெய்துவிட்டார், பிழை எங்களுடையது, துணை அனுசரணையாளர் இடம்தான் மிச்சம்.

"மெயில மகன்தான் வாசிச்சுச் சொன்னான். பதில் எழுதணும் எண்டு எனக்கு ஆரு சொன்ன?" என்றவர், "மத்தவர் ஆரு?" என்றார்.

காரைதீவுப் பையனின் கண் வீதிக்கு மறுபக்கம் போய்த் திரும்பியது. அவர் எங்கள் தலைக்கு மேலால் வீதியைப் பார்த்தார். எதிர்க்கடையின் கண்ணாடிக்குள் தம்பி நின்றுகொண்டிருந்தார்.

"அவனா?"

நான் தலையசைத்தேன். அவர் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. "அவன்ட பேருக்குக் கீழ என்ட பேரு வராது. எழும்புங்க."

நானா அப்போதுதான் கதைத்தார். "ஹாஜியார், குளக்கரையில பம்ப் ஓட்டிக் காட்டுறது மெயில்ல ஆருக்கும் குடுக்கல்ல. அதுக்கு உங்கட பம்பக் கொண்டுவந்தா?"

எழும்பி நின்ற மூத்தவர் மறுபடி உட்கார்ந்தார். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. இளையவரிடம் கேட்காமல் செய்ய முடியாது என்று அங்கேயே சொன்னேன். "போய்க் கேளுங்க, நான் பாத்துக்கொண்டிரிக்கன்" என்றார் அவர்.

முதுகில் அவருடைய பார்வையோடு வீதியைக் கடந்தோம். இளையவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மேசை மேலிருந்த தாளைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். எங்கள் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தார். வயல்காரர் வருவார்கள் என்ற வரியின் கீழே கோடு.

"இந்த வரிக்காகத்தான் நான் பதில் போட்டன். பம்ப் ஓடுற இடத்திலதான் வயல்காரர் நிப்பாங்க. அத அங்கால குடுத்துப் போட்டு, எனக்குப் பதாகை எதுக்கு?"

பதாகையும் பின்னட்டையும்தான் பெரிய பயன் என்று நாங்கள் மூவரும் நினைத்திருந்தோம். வயல்காரர் கூடும் குளக்கரைதான் பெரிது என்பது அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அவர் எதிர்க்கடையைப் பார்த்தார். "ரெண்டு பம்பும் ஓடட்டும். பயமில்லாட்டி வரச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வார்த்தைகளை மூத்தவரிடம் நாங்கள் சொல்லவில்லை. "ரெண்டு பம்பும் ஓடட்டுமாம்" என்று மட்டும் சொன்னோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாறன்" என்றார். அன்றிரவே இருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதினேன்: இளையவருக்கு முன்பு எழுதிய எல்லாம் அப்படியே, குளக்கரையில் இரு நிறுவனங்களின் பம்பிகளும் இயங்கும். இந்த முறை விரிவுரையாளரிடம் காட்டி, அவர் ஓம் என்ற பிறகே அனுப்பினோம்.

இரண்டாம் நாள் பின்னேரம் வயல்காரர்கள் இரண்டு லொறிகளில் வந்தார்கள். குளக்கரையில் இரண்டு பம்பிகளும் போட்டிபோட்டு இரைந்தன. சகோதரர்கள் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நின்றார்கள். இருபக்கத்து ஆட்களும் விலையைக் கூவ, எந்த நேரம் கைகலப்பு வருமோ என்று நானாவும் காரைதீவுப் பையனும் இடையில் போய் நின்றார்கள்.

வயதான வயல்காரர் ஒருவர் மூத்தவரைத் தோளில் தட்டி, அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். "காக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுப் புள்ளைகள்தானே. எது நல்லம் எண்டு மறைக்காமச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. தம்பியின் பம்பிக் குழாயிலிருந்து கலங்கிக் கொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

"உங்கட வயல் எங்க?"

"ஆத்தோரம். மணல் கலந்த தண்ணி."

"அப்ப அவன்டத எடுங்க, மணலுக்கு அது அடைபடாது. மேட்டு வயலுக்கு ஏத்திறதுக்குத்தான் என்டது."

இளையவர் திரும்பிப் பார்த்தார். சற்று நேரத்துக்குப் பிறகு மேட்டு வயல்காரர் ஒருவர் அவரிடம் வந்து விசாரித்தபோது, "அங்கால கேளுங்க" என்று அண்ணனின் பக்கம் கையைக் காட்டியதை நான் பார்த்தேன்.

அவர்கள் அன்றும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அந்திநேர மஃரிப் தொழுகைக்கு முன் பம்பிகளை ஏற்றிக்கொண்டு வெவ்வேறு வாசலால் போனார்கள். நானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்டைக்கு மேசையில அடிச்சதுக்கு மன்னிச்சுக்க" என்றார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காரைதீவுப் பையன் எங்கிருந்தோ மூன்று சோற்றுப் பார்சல்கள் கொண்டுவந்தான். இயந்திரங்கள் நின்றுபோன குளக்கரையிலேயே இருந்து சாப்பிட்டோம்.