ஆடியில் கட்டாத பிரீமியம்

பழங்காநத்தத்தில் எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. வளையல், ரிப்பன், பொட்டு, ஹேர்பின், முகப்பவுடர். காலையில் என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுச் சரக்கு எடுக்கப் போய்விடுவார். மத்தியானம்வரை கல்லாவில் நான். அவர் வந்தபிறகு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிவிட்டுச் சாயங்காலம் மறுபடியும் நான். யார் முதலாளி, யார் வேலையாள் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுவோம்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் பேங்க்காரர் வீடு. அந்தப் பக்கம் மில் வேலைக்குப் போகிறவர் வீடு. பேங்க்காரர் சம்சாரத்துக்குப் பித்தப்பையில் கல் என்றால் பில்லை ஆபீஸ் கொடுத்தது. மில்காரர் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருந்தது. நடுவில் நாங்கள். எங்களுக்கு மேலே சாமிதான் இருந்தது, ஆபீஸ் இல்லை. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் வேண்டுதல்.

இப்படி இருந்தவர்களை மெடிகிளைம் என்கிற ஆஸ்பத்திரிச் செலவு இன்சூரன்ஸுக்குள் இழுத்துவிட்டவர் திருநகரிலிருந்து வரும் ஏஜென்ட் தம்பி. பழைய ஸ்கூட்டரில் வருவார். கடை வாசலில் நின்றுகொண்டே, "அண்ணே, கம்பெனியில வேலை பாக்குறவனுக்குக் கம்பெனி பாத்துக்கிரும். கடை வச்சவனுக்கு யாருண்ணே இருக்கா?" என்பார். அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது எனக்குத்தான். என் வீட்டுக்காரர், "நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குய்யா ஆஸ்பத்திரிப் பேச்சு?" என்று வளையலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் நச்சரித்துத்தான் சம்மதிக்க வைத்தேன். அதிலும் பேரம். ஆளுக்கு எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு பஞ்சாயத்து. எல்லோருக்கும் ஒரு லட்சம் என்றால் பிரீமியம் கட்ட முடியாது. கடைசியில் அவருக்கு ஐம்பதாயிரம், எனக்கு இருபத்தைந்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பதினைந்து பதினைந்து. "சம்பாதிக்கிறவனுக்குத்தானே கூட வேணும்" என்றார். காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவள் நான். சிரித்துவிட்டு அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன். இது நடந்தது ஆனி மாதக் கடைசி. நாளைக்கு ஆடி பிறந்துவிடும், அதற்குள் எழுதிவிடவேண்டும் என்று அவசரம் அவசரமாகச் செக்கைக் கிழித்துக் கொடுத்தார்.

எங்களுக்கு ஆடி என்றால் அப்படி. புது வியாபாரம் தொடங்கமாட்டோம், புதுச் சரக்குக்கு முன்பணம் கொடுக்கமாட்டோம், வீடு பார்க்கமாட்டோம். விற்பது மட்டும் விற்போம். ஆடி வெள்ளியில் அம்மனுக்குச் சாத்த வளையல் வாங்கக் கூட்டம் அள்ளும், அது வேறு கணக்கு.

முதல் வருஷம் முடிந்து இரண்டாவது வருஷமும் தம்பி ஆனியிலேயே வந்து செக் வாங்கிப்போனார். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. "பாத்தியா, காசு போச்சு" என்றார் இவர். "நோவு வரலைன்னு அழுவீங்களாக்கும்" என்றேன்.

மூன்றாவது வருஷம்தான் வினை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ், யூனிஃபார்ம், புத்தகம். கையில் சல்லிக்காசு நிற்கவில்லை. தம்பி ஆனி நடுவில் வந்து தேதியைச் சொன்னார். "அடுத்த வாரம் வாப்பா" என்றார் இவர். அடுத்த வாரமும் அதே பதில்தான். பணம் கைக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

ஆடி பிறந்த அன்றே தம்பி கடைக்கு வந்தார். முகத்தில் பதற்றம்.

"அண்ணே, தேதி முடிஞ்சிருச்சு. ஒரு வாரத்துக்குள்ள கட்டுனா மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்து, தாமதத்தை மன்னிச்சு ஏத்துக்கச் சொல்லிப் பாக்கலாம். தொடர்ச்சி விடாம இருக்கும்."

"ஆவணி ஒண்ணாந்தேதி காலையில கட்டிர்றேம்ப்பா. ஆடியில காசெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டச் சொல்றியே!"

"இது புதுசு இல்லண்ணே, பழசைத்தான் நீட்டிக்கிறோம்."

"வருசா வருசம் புதுப் பேப்பர் வருது, புது நம்பர் வருது. அப்ப புதுசுதானே?"

தம்பி என்னைப் பார்த்தார். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "ஏங்க, இவரு சொல்றதைக் கேளுங்க" என்றேன். "ஒரு மாசத்துல குடி முழுகியா போகும்?" என்றார். அந்த வருஷம் எனக்கே அடிக்கடி அசதியாக இருந்தது. மாதவிலக்கு முன்னைவிட ஒரு நாள் இரண்டு நாள் கூடப் போனது. வயசாகிறது, நின்றுபோகிற காலம் என்று நினைத்தேன். வாதாடத் தெம்பில்லை. தம்பி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

ஆடி மூன்றாம் வெள்ளி. கடையில் நிற்க இடமில்லை. ஒரு கல்யாண வயசுப் பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் மாட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே உதிரப்போக்கு அதிகம். கூட்டம் குறையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நர்சிங் ஹோம் கட்டிலில் கண் விழித்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. புற்று மாதிரி எதுவும் இல்லை, பயப்படவேண்டாம், ஆனால் எடுத்துவிடுவதுதான் நல்லது, ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, ரெண்டு மூணு மாதத்துக்கு மேல் தள்ளவேண்டாம் என்றார் டாக்டரம்மா. செலவையும் சொன்னார். இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே திருநகருக்கு ஓடினார். ஆடியாவது ஒன்றாவது, செக் புத்தகத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் தம்பி எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் படுத்திருந்தேன். எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்.

"நாளு தாண்டிப் போச்சுண்ணே. இனி எப்பக் கட்டுனாலும் புதுப் பாலிசிதான். புதுப் பாலிசியில முதல் வருசம் கர்ப்பப்பை ஆபரேசன், குடலிறக்கம், கண்புரை, மூலம் இதுக்கெல்லாம் காசு கிடையாது."

"ஒரு வருசம் கழிச்சுப் பண்ணிக்கிட்டா?"

"அதுலயும் சிக்கல் இருக்கு. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோவுன்னா அதுக்கு எப்பவுமே கிடையாது. ஸ்கேன் எடுத்தாச்சே. போன மாசமே நீட்டிச்சிருந்தா, இது மூணாவது வருசம். மதினிக்குத் தாராளமாக் கிடைச்சிருக்கும்."

பேப்பர் புதுசு, நம்பர் புதுசு, ஆகவே புதுசு என்றாரே என் வீட்டுக்காரர்! கம்பெனியும் கடைசியில் அதையேதான் சொன்னது. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து உட்காரத் தெம்பிருந்தால் அவரை என்ன செய்திருப்பேனோ தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு என் நாத்தனார் வீட்டுக்காரர் வந்தார். யோசனை சொல்வதற்கென்றே பிறந்தவர். "ஸ்கேனைக் கிழிச்சுப் போட்டுருங்க. நோவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு ஒரு வருசம் சும்மா இருங்க. அப்புறமா வேற டாக்டர்கிட்டப் போனா யாருக்குத் தெரியப் போகுது?"

"அண்ணே, ஒரு வருசத்து ரத்தத்தை எங்கண்ணே கட்டி வைக்கிறது?" என்று கேட்டேன். அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கார்டைக் காட்டினால் போதும் என்கிற வசதியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. முதலில் நாம் கட்டவேண்டும், பிறகு பில்லைக் கொடுத்து வாங்கவேண்டும். அதனால் எங்கள் திட்டமே, எதாவது வந்தால் நகையை வைப்பது, கம்பெனி பணம் வந்ததும் மீட்டுவிடுவது. இப்போது நகையை வைக்கலாம். மீட்பது யார்? "வச்சுருவோம், பாத்துக்கலாம்" என்றார் இவர். மகளுக்கென்று இருந்ததே அந்த ஆறு பவுன்தான். "வேணாம். பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், கவர்மெண்ட்டுல காசு கேக்கமாட்டாங்க" என்றேன்.

தம்பி புதுப் பாலிசிக்கு விண்ணப்பத்தோடு மறுபடி வந்தபோது, அதை என்ன செய்வது என்று அடுத்த பேச்சு வந்தது. என் ஆபரேஷனுக்குத்தான் பிரயோஜனமில்லையே, இனி எதற்கு என்று இவர் முழுசாகவே விட்டுவிடப் பார்த்தார். நான்தான் விடவில்லை. "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு வந்தா? பிள்ளைகளுக்கு வந்தா? எழுதுங்க தம்பி. எனக்கு இருக்கிறதையும் மறைக்காம எழுதுங்க. அப்புறம் நான் கையக் காலை ஒடிச்சுக்கிட்டாலும் பொய் சொன்னான்னு தட்டிவிட்டுருவாங்க." தம்பி எழுதினார். ஆடி மாதம், தேய்பிறை. என் வீட்டுக்காரர் செக்கில் கையெழுத்துப் போட்டார்.

பெரியாஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளானது. அதுவரை இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும். படி ஏறினால் மூச்சு வாங்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். வளையல் கேட்டு வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனார்கள். ரத்தத்துக்கு ஆள் கொண்டுவரச் சொன்னபோது இவரும் மில்காரரும் போய்க் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நல்ல டாக்டர்கள். ஆனால் அந்த வார்டின் சத்தமும் டெட்டால் வாசனையும் பக்கத்துக் கட்டில்காரி ராத்திரியெல்லாம் முனகியதும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இவர் வயர் கூடையில் கஞ்சி கொண்டுவருவார். ஒரு நாள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை திட்டிரு. இப்படி இருக்காத" என்றார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அலுத்துப்போயிருந்தது. "கஞ்சியில உப்பு இல்லை" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு வாங்கப் போனார்.

எந்த நாளில் பாலிசி எடுத்தோமோ அதற்குள் அடுத்த வருஷம் கட்டவேண்டும் என்பது விதி. ஆகவே எங்கள் கெடு ஆடிக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆடிக்குப் பயந்து ஒரு மாதம் தள்ளினவர், அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறந்ததும் முதல் வேலையாக இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போய்விடுவார். நல்ல நேரம்கூடப் பார்ப்பதில்லை. என் தொகையையும் தன் தொகைக்குச் சமமாக உயர்த்தினார், நான் கேட்காமலே.

பேப்பர் தபாலில் வரும். நான்தான் பிரித்துப் படிப்பேன். நாலு பேர் பெயர், வயசு, தொகை. என் பெயருக்கு நேரே மட்டும் ஒரு வரி கூடுதலாக டைப் அடித்திருப்பார்கள், கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட நோய்களுக்கு இந்தப் பாலிசியில் பணம் கிடையாது என்று. தம்பியிடம் சொல்லி எடுக்கச் சொல்லலாம் என்பார் இவர். இருக்கட்டும் என்பேன். பெரியாஸ்பத்திரியில் எடுத்துப் போட்டுவிட்டு வந்த ஒன்றுக்காக வருஷா வருஷம் மெனக்கெட்டு இல்லை என்று எழுதுகிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் பேப்பரை அவர் கையில் கொடுப்பேன். அவரும் அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.