இரண்டு மிஸ்டு கால்

அன்னூருக்கு வடக்கே மூன்று மைல் தள்ளி மாரப்பனுக்குக் குத்தகைத் தோட்டம். முக்கால் ஏக்கரில் தக்காளி நாற்று நட்ட மறுவாரமே மனிதர் தென்னையில் ஏறினார், விழுந்தார், காலை முறித்துக்கொண்டார். "ஏறாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனே!" என்றாள் மனைவி செவ்வந்தி. நோவில் கிடந்தவருக்கு அது சுருக்கென்றது. "நீ வாய வெச்சதுலதான் விழுந்தேன்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

சிங்காநல்லூர்ப் பட்டறையில் வேலை செய்யும் மகன் கதிர் வந்து, மோட்டார் ஸ்டார்ட்டரோடு சிம் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினான். அப்பா, அம்மா, தன் எண் மூன்றையும் அதில் ஏற்றினான். "ஒரு மிஸ்டு கால் கொடுத்தா ஓடுமுங்க. இன்னொன்னு கொடுத்தா நின்னுரும். மெசேஜ் என் போனுக்குத்தான் வரும்" என்று தனித்தனியாகச் சொன்னான். சேர்த்து உட்கார வைத்துச் சொல்ல வழியில்லையே.

காலை ஏழு மணிக்கு மும்முனைக் கரண்டு வரும். கட்டிலில் கிடந்தபடி மாரப்பன் ஏழடித்ததும் மிஸ்டு கால் கொடுப்பார். அவர் கைக்கு மிஞ்சியிருந்த விவசாயம் அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து, நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் செவ்வந்தியும் ஒன்று கொடுப்பாள். நோவில் கிடக்கிற மனுசன் மறந்துபோட்டா என்ன ஆகும் என்பது அவள் பயம். கேட்டிருக்கலாம். கேட்டால் இவள் தோற்றவள் ஆகிவிடுவாளே!

சித்திரை வெயில் வீம்பு பார்க்குமா? பெட்டி மாட்டிய ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, களையெடுக்கப் போன செவ்வந்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நுழையும் வாய்மடையை ஒட்டி இரண்டு பாத்தி மட்டும் பச்சை. மீதியெல்லாம் கருகி, தொட்டால் நொறுங்கியது.

வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே கேட்டாள். "ஏனுங்க, மோட்டார் போட்டீங்களா இல்லீங்களா?"

"நெதமும் ஏழு மணிக்குப் போட்டனே."

"நானுந்தானுங்க போட்டேன்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் ஓட விட்டதை அவள் நிறுத்தியிருக்கிறாள், தினமும், அக்கறையாக.

மாரப்பன் ஆத்திரத்தோடு கதிருக்குப் போன் அடித்தார். "மெசேஜ் வரலியாடா?"

"தெனமும் வந்துச்சுங்கப்பா. ஏழு மணிக்கு ஓடுது, ஏழு பத்துக்கு நின்னுருதுன்னு. சின்ன நாத்துக்கு அது போதும்னு நீங்களும் அம்மாவும் பேசி வெச்சுத்தான் நிறுத்தறீங்கன்னு இருந்துட்டனுங்க."

மாரப்பன் போனைக் கட்டில் மேல் வைத்தார். செவ்வந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.