உதாரணத்துக்குப் போட்ட கணக்கு

மேல்மலைக் கிராமம் ஒன்றில், கூட்டுறவுப் பண்டகசாலையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பொதுக்குழுவில் பங்குக்கு ஆறு சதவீதம் லாப ஈவு, வாங்கிய சரக்குக்கு ரூபாய்க்கு இரண்டு பைசா தள்ளுபடி என்று முடிவானது. அதை விளக்கி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டச் சொன்னார் செயலாளர்.

“புரியும்படியா எழுதுப்பா. போன வருசம் தள்ளுபடின்னதும் வாங்கின கடனே தள்ளுபடின்னு நெனச்சு நாலு பேரு வந்துட்டாங்க. ஒரு உதாரணம் போடு.”

அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டவுனுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உதாரணத்தை யோசித்து உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லாமல், கணக்குப் பேரேட்டைத் திறந்தேன். கண்ணில் பட்ட பக்கத்தை அப்படியே இறக்கினேன். பேரையும் நம்பரையும்தான் விட்டேன்.

“ஓர் உறுப்பினருக்குப் பத்து ரூபாய்ப் பங்கு ஒன்று வருஷம் முழுதும் இருந்தது. ஈவு 60 பைசா. ஆறு மாதம் கழித்து இன்னும் இரண்டு பங்கு வாங்கினார். அந்த இருபது ரூபாய்க்குப் பாதி வருஷத்து ஈவுதான், அதுவும் 60 பைசா. தம் நம்பரில் பில் போட்டு அவர் வாங்கியது 412 ரூபாய் 50 பைசா. கட்டுப்பாட்டு விலைச் சர்க்கரைக்குத் தள்ளுபடி கிடையாது. அந்த 52 ரூபாய் 50 பைசாவைக் கழித்தால் 360. தள்ளுபடி 7 ரூபாய் 20 பைசா. ஆக மொத்தம் 8 ரூபாய் 40 பைசா. நம்பர் இல்லாத பில்லுக்குத் தள்ளுபடி இல்லை.”

கணக்கு சரி. செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பார்த்தால் வாசலில் கூட்டம். ஈவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “யாருப்பா அது, வருச நடுவுல ரெண்டு பங்கு வாங்கின ஆளு?” என்பதுதான் பேச்சு. பங்கு கேட்டு வருகிற மனுவெல்லாம் கமிட்டிக்குப் போய்த்தான் பாஸாகும். அந்த வருஷ நடுவில் இரண்டு பங்கு கேட்டவர் ஒருவர்தான் என்று கமிட்டிக்காரர் ஒருவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை.

அந்தப் பக்கம் யாருடையது என்று எனக்குத் தெரியும். பூண்டு கட்டும் கூலிக்குப் போகிறவள். மகள் அஞ்சாவது படித்தாள்; அவளை டவுனில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்க, புருஷனுக்குத் தெரியாமல் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பங்காகப் போட்டால் வேறு யாரும் வந்து எடுக்க முடியாது என்று அவளுக்குச் சொன்னவனே நான்தான். ஓடிப்போய் அறிவிப்பைக் கிழித்தேன். ஊரே படித்து முடித்திருந்தது.

இரண்டு நாளும், கதவு அசைந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்தான். பின்னால் அவள்.

“என்னய்யா, நான் மாசம் பதினஞ்சு ரூவாதான் குடுக்கேன். நானூறு ரூவாய்க்கு இவ எப்படி வாங்குனா? அதுபோக ரெண்டு பங்கு வேற! எடுத்துக் குடு, எனக்குச் சோலி கெடக்கு.”

“மெம்பர்தாங்க எழுதிக் கொடுக்கணும். கமிட்டி ஒத்துக்கணும்.”

“எழுதுவா.”

அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மனுப் பாரத்தையே எடுத்திருக்க மாட்டேன். என் வாயும் திறக்கவில்லை என்பதுதான் நிஜம். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கமிட்டி ஒத்துக்கொண்டது. உறுப்பினராக இருக்க ஒரு பங்கை விட்டுவிட்டு, இருபது ரூபாயை அவள் கையில்தான் கொடுத்தேன். மேஜையை விட்டு நகரும் முன்பே அது கை மாறியது. ஈவும் தள்ளுபடியும் சேர்ந்த எட்டு ரூபாய் நாற்பது பைசாவும் அப்படியே போனது.

அவன் வெளியே போனதும், “பேரு போடலியேம்மா,” என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு!

“ஒங்க கணக்கப் போட்டிருக்கலாமில்லங்கய்யா?” என்றாள். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். என் கணக்கில் போட ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்கியது பண்டகசாலையில், சாமான் வாங்கியது கடைத்தெருவில் கடனுக்கு.

ஜூன் மாதம் டவுனில் பள்ளிக்கூடம் திறந்தது. அந்த வாரம் ஒரு நாள் காலை, அவள் மகள் உப்பும் பருப்பும் வாங்க வந்து நின்றாள். விரல்களில் பூண்டு வாடை. நான் பில் புத்தகத்தை விரித்து, கேட்காமலேயே அவள் அம்மாவின் நம்பரை எழுதப் போனேன்.

“நம்பர் போட வேணாமாம்,” என்றாள் அந்தப் பிள்ளை. “அம்மா சொல்லச் சொல்லுச்சு.”