மாவு மில்லும் அக்காவின் தறியும்

செவிலிமேட்டில் அக்கா வீட்டுக்கு அடுத்த மனையில் ஒரு மாவு மில். அந்த மில்லுக்காரர் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் எலக்ட்ரீஷியன். அவருடைய பதினைந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். அதைக் கழற்றிவிட்டு இன்னொருவரை வைத்து நேரடி ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டவர் அவர்.

இட்லிக்குக் கரகரவென்று அரிசி உடைப்பதில் அவருக்கு ஊரெல்லாம் பெயர். அந்தப் பதம் அரைக்கும் இரண்டு கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. இடைவெளியைக் கூட்டிக் குறைக்க எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சக்கரம் உண்டு. எல்லா மில்லிலும் மோட்டாரை நிறுத்துமுன் தொட்டியைக் காலி செய்து, சக்கரத்தைத் தளர்த்திவிடுவார்கள். மறுபடி போடும்போது கல் சும்மா சுற்றி வேகம் பிடிக்கும். பிறகு இறுக்கி, அரிசியை விடுவார்கள். இவர் தளர்த்த மாட்டார். தளர்த்தினால் பதம் கலைந்துவிடுமாம். கல்லுக்கு நடுவே அரிசி சிக்கியபடியே நிறுத்துவார், சிக்கியபடியே போடுவார்.

ஸ்டார்-டெல்டா இதற்கு ஒத்துவராது. முதல் சில நொடிகள் மோட்டாரின் சுருள்களை ஸ்டார் இணைப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த வோல்டேஜ் கொடுக்கும். லைனிலிருந்து இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் திருகு விசையும் மூன்றில் ஒரு பங்குதான். சும்மா சுற்றும் கல்லுக்கு அது தாராளம். அரிசி சிக்கிய கல்லை அது அசைக்காது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். அந்த நிலையிலேயே டைமர் டெல்டாவுக்கு மாற்றும், கரண்ட் எகிறும், அதற்குள் சூடேறியிருந்த ரிலே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

"இன்னாபா, பொட்டி வாங்கியாந்து மாட்டின, கல்லு திரும்பவே மாட்டேங்குது" என்று கடைத்தெருவில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, போடறதுக்கு முன்னாடி சக்கரத்த அரை சுத்து தளர்த்துங்க. வேகம் புடிச்சதும் இறுக்கிக்கோங்க. அவ்ளோதான்."

"சக்கரத்துல கைய வெக்காத. பதம் போச்சுன்னா நீ வந்து அரச்சுக் குடுப்பியா? நேரடி ஸ்டார்ட்டர் போட்டுக் குடு."

மாட்டேன் என்றேன். ஓடும்போது இருபது ஆம்பியர் சொச்சம் எடுக்கும் மோட்டார் அது. நேரடியாக முழு வோல்டேஜில் தட்டினால், வேகம் பிடிக்கும் வரை அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெகுதூரம், கம்பியும் மெலிசு. அத்தனை கரண்ட் ஒரே நேரத்தில் அதில் பாய்ந்தால் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும், தெருவில் இருக்கிற எல்லோருக்கும். தலையால் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். "தெருவுக்கா நான் மில்லு நடத்துறேன்?" என்றார். மறுநாளே வேறு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். கல் முரட்டுத்தனமாகச் சுற்றியது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா வீட்டிலேயே பட்டு நெய்கிறவள். அவள் தறியில் இருப்பது எலக்ட்ரானிக் ஜக்கார்டு. குறுக்கே ஓடும் எந்த ஊடைக்கு, நெடுக்கே உள்ள எந்தப் பாவு இழைகள் எழும்ப வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். மில் மோட்டார் தட்டும்போதெல்லாம் லைட் மங்கும், ஃபேன் சோர்ந்து மறுபடி எழும். பெட்டி அணைந்து உயிர் பெறும். உயிர் பெற்றால் டிசைனின் முதல் வரியில் போய் நிற்கும். அக்கா ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்தி, விட்ட வரியைத் தேடிப்பிடித்து வைத்துவிட்டுத்தான் நெய்வாள். அப்போது தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை. உடலெங்கும் அன்னப்பட்சி. சரியாக வந்தால், அதை நெய்யக் கொடுத்த ஜவுளிக் கடைக்காரர் இனி பெரிய வேலைகளையும் அவளிடமே தருவதாகச் சொல்லியிருந்தார். இத்தனை வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது.

நான் மில்லுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவங்கள ஒரு யூபிஎஸ் வாங்கிக்கச் சொல்லுப்பா." கல்லைத் தளர்த்த இவருக்குக் கை வலிக்கும், அதற்காகத் தெருவே பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஒரு பிற்பகல், வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது என்று அக்கா எழுந்து போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மில் மோட்டார் தட்டியிருக்கிறது. பெட்டி அணைந்து எரிந்ததை அவள் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்து நெய்தாள். அவள் தறியில் துணியின் நல்ல முகம் கீழே இருக்கும். மாலையில் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வரிசை அன்னங்களுக்குக் கழுத்தும் இல்லை, தலையும் இல்லை. கழுத்து வர வேண்டிய இடத்தில் கால்கள் மறுபடி ஆரம்பித்திருந்தன. அதற்கு மேல் ஒரு முழம் நெய்தாகிவிட்டது.

போன் வந்ததும் ஓடினேன். அக்கா அழவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக மில்லுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். மில்லில் பாத்திரங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

"அண்ணே, மிஷின நிறுத்துங்க."

"இன்னாம்மா, ஜனங்க காத்துக்கினு இருக்காங்க."

"என் புடவையில அன்னத்துக்குத் தல இல்ல. உங்க பதம் கலையக் கூடாது. என் நெசவு கலையலாமா?"

காத்திருந்தவர்களில் ஒரு அம்மா, "எங்க ஊட்டு ஃப்ரிட்ஜும் உங்களாலதான் போச்சு" என்று ஆரம்பிக்க, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மோட்டாரை நிறுத்தினார்.

அக்கா சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்குமத்தை எடுத்து, சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேரே எந்திரத்தின் உடம்பில் ஒரு கோடு இழுத்தாள். "இப்ப தளர்த்துங்க. அப்பறம் கோட்டுக்குக் கோடு கொண்டாந்து வெய்ங்க. பதம் எங்க ஓடிப்போவுது?" என்றாள்.

அவர் வேண்டாவெறுப்பாகத் தளர்த்தினார். மூலையில் கிடந்த என்னுடைய ஸ்டார்-டெல்டா பெட்டியைத் தூசி தட்டி அப்போதே மாட்டினேன். கோபத்தில் திருப்புளி இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. பட்டனை அழுத்தியதும் கல் மெதுவாக எழுந்து சுற்றியது, வேகம் பிடித்தது, 'டக்' என்று டெல்டாவுக்கு மாறியது. மேலே எரிந்த லைட் மங்கவில்லை. அவர் சக்கரத்தைக் கோட்டுக்கு இறுக்கி, அரிசியை விட்டு, விழுந்த நொய்யை விரலில் தேய்த்துப் பார்த்தார். அதே பதம். "நல்லாத்தான் இருக்குது" என்றார், என்னவோ அவரே கண்டுபிடித்ததுபோல. ஒரு மன்னிப்பு கூடக் கேட்கவில்லை.

அக்கா அந்த முழத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு ஊடையாகக் கத்தரித்து உருவ வேண்டும், பாவு அறாமல். நானும் உட்கார்ந்து உதவப் பார்த்தேன், என் முரட்டு விரலுக்கு இழை அகப்படவில்லை. பிரித்த இடத்தில் பட்டு நூல் லேசாகப் பிசிறிவிட்டது. மறுபடி நெய்த பிறகும் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மங்கலாகத் தெரிந்தது. கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கூலியில் எதையும் குறைக்காமல், பெரிய வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், புடவையை மடித்து வைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "சக்கரத்த அரை சுத்து சுத்தறதுக்கு அந்தாளுக்கு வலிச்சுது பாருடா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.