மெர்சி கேட்ட ஒரு நாள் அவகாசம்

மெர்சியைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். தாராபுரம் பஸ் ஸ்டாண்டு அருகில் என் போட்டோ ஸ்டுடியோவும் அவளுடைய பிரவுசிங் சென்டரும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது நான் சொன்னதை அவள் கேட்டிருப்பாளா? மாட்டாள். “சரிங்ணா” என்பாள், தன் இஷ்டப்படி செய்வாள். கடைசியில் அவள் செய்ததுதான் சரியாக இருக்கும். இதைவிட எரிச்சலான பக்கத்துக் கடைக்காரி ஒருத்தருக்கு வாய்க்க முடியுமா, சொல்லுங்கள்.

அவளுடைய அப்பா பிரான்சிஸ், அலங்கியம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்குக் கூலியாளாக இருந்தவர். மெர்சி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் பதினான்கு வருடம் கடிதம் அடித்தாள். கம்பெனியை மூடியபோது, அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கடையைப் போட்டாள். வயது நாற்பத்தாறு. விண்ணப்பம் நிரப்ப இந்தச் சுற்று வட்டாரத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய விண்ணப்பமாக இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர்கள் பெயரில் ஒரு போல்டரில் போட்டுவிடுவாள். “ஏம்மா, கல்யாண ஆல்பமா போடறே?” என்று நான் கிண்டல் செய்வேன். என் பேச்சு அவள் காதில் ஏறினால்தானே!

போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்கு லோகப்பிரியா தன் மாமனார் காளிச்சாமியோடு வந்து இறங்கினாள். லோகப்பிரியா பி.எஸ்சி. கணிதம் முடித்து ஏழு வருடம் ஆகிறது. கல்யாணம், ஒரு பெண் குழந்தை, தோட்டம் என்று படிப்பு நின்றுபோனது. இந்த வருடம் புருஷன் சபரீஷுக்குக் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போகிறது. “அங்க சும்மா உக்காந்துட்டு என்ன பண்றது கண்ணு, எம்.எஸ்சி. சேந்துக்க” என்று சொன்னதே மாமனார்தான். அவள் சேர நினைத்த கல்லூரி, அங்கே பார்த்திருந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வேறு கல்லூரிகளில் கடைசி தேதி எப்போதோ தாண்டிவிட்டது. இதை விட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லித்தான் ஏழு வருடம் போயிருக்கிறது. அன்றைக்குத்தான் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை நேரம். அவளுடைய சான்றிதழ்கள் ஆனைமலையில் அம்மா வீட்டில் இருந்தன, காலையில் போய் எடுத்து வந்திருந்தார்கள்.

முதல் மூன்று பக்கங்கள் மளமளவென்று போயின. விண்ணப்ப எண் வந்தது. மதிப்பெண்கள் ஏறின. நான்காவது பக்கம் சான்றிதழ் ஏற்றுவது. அதில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு பன்னிரண்டு. பிறகு ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மெர்சி வேறு பிரவுசரில் திறந்து பார்த்தாள், தன் போன் நெட்டைப் போட்டுப் பார்த்தாள், நானே என் கடை இணைப்பைக் கொடுத்தேன். மற்ற சைட்டெல்லாம் திறந்தது. அது மட்டும் திறக்கவில்லை. ஒவ்வொரு முயற்சியையும் மெர்சி தன் வழக்கப்படி, நேரம் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டாள். கல்லூரி நம்பருக்கு அடித்தால் ஓயாமல் பிஸி. ஐந்து அடித்து இரண்டு நிமிடத்தில் சைட் உயிர் பெற்றது. எதற்கு? ‘விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது’ என்று சொல்வதற்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் மானிட்டரையே உடைத்திருப்பேன். லோகப்பிரியா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இதற்கிடையில் காளிச்சாமி வெளியே நின்று ஒரு காரியம் செய்துவிட்டார். சேர்க்கை அறிவிப்பில் போட்டிருந்த வாட்ஸப் நம்பருக்கு, மருமகளின் போனிலிருந்து, தன் கையாலேயே ஒரு செய்தி. பெருமையோடு உள்ளே வந்து காட்டினார்.

‘ஐயா வணக்கமுங்க. எல்லாரும் சௌக்கியமுங்களா. எங்க மருமக லேட்டு பண்ணிப்போட்டாளுங்க. தப்பு எங்க மேலதானுங்க. பெரிய மனசு பண்ணி மன்னிச்சு ஒரு வழி காட்டுங்க.’

பதிலும் வந்திருந்தது. ‘தாமதமான விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டாது.’

மெர்சி அதை இரண்டு முறை படித்தாள். முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“ஏனுங்க ஐயா, என்னத்துக்குங்க இப்படி எழுதுனீங்க?”

“ஒரு மரியாதைக்குத்தானுங்க அம்மணி. நாம மொதல்ல எறங்கிப் போனா அவங்களும் மனசு எறங்குவாங்கல்லங்க. கடைசி நாள்ல வந்தது நம்ம தப்புதானுங்களே?”

“கடைசி நாளும் நாளுதானுங்க. அஞ்சு மணி வரைக்கும்னு அவங்கதான போட்டாங்க? நாம மூணரைக்கே உக்காந்துட்டோம். நின்னது அவங்க சைட்டு. நம்ம வாயாலயே லேட்டுன்னு சொல்லிப்போட்டா அவங்க வேறென்னங்க பதில் சொல்லுவாங்க?”

எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படித்தான். தன் காலை மிதித்தவனிடமே “பாத்துப் போங்க” என்று சொல்லி வழிவிடுவார்கள். காளிச்சாமிக்கு அது மரியாதை. ஆனால் மெர்சிக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி. “தப்பு எங்க மேலதானுங்க” என்று அவளுடைய அப்பா தோட்டத்துக்காரர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டவள். மோட்டார் புகைந்தாலும் அவர் தப்பு, மாடு மிரண்டாலும் அவர் தப்பு. ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் பிழைக்க வேண்டும் என்றுதான் டைப்ரைட்டிங் படித்தேன் என்று.

“நகரும்மா, நான் எழுதறேன்” என்றேன். “சைட்டை ஒழுங்கா வெக்கத் தெரியாதவங்களுக்குக் காலேஜ் எதுக்குன்னு கேக்கறேன். கோர்ட்டுக்குப் போவோம்னு போடறேன்.”

“நரசிம்மலுண்ணா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அவரு கால்ல உழுகறாரு, நீங்க கழுத்தைப் புடிக்கறீங்க. ரெண்டும் வேண்டாம். நடந்ததை எழுதுனாப் போதும்.”

நான் எங்கே டீ குடிக்கப் போனேன்! அங்கேயேதான் நின்றேன். லோகப்பிரியாவின் மெயிலைத் திறந்து, மெர்சி பத்து நிமிடத்தில் அடித்தது இதுதான்:

‘வணக்கம். விண்ணப்ப எண் 1863, எம்.எஸ்சி. கணிதம். இன்று மாலை 4.12 முதல் 5.00 வரை விண்ணப்பத் தளம் இயங்கவில்லை. மூன்று பக்கங்கள் நிரப்பிச் சேமித்த பிறகு, நான்காம் பக்கத்தில் சான்றிதழ் ஏற்றும்போது நின்றது. சேமித்த பக்கங்களை உங்கள் பதிவில் பார்க்கலாம். முயன்ற நேரங்களைக் காட்டும் ஐந்து படங்களை இணைத்துள்ளேன். என் கைபேசியிலிருந்து முன்பு வாட்ஸப்பில் வந்த செய்தியில் தாமதம் எங்களுடையது என்று இருந்தது, அது சரியல்ல. சான்றிதழ்களை ஏற்றி, கட்டணம் செலுத்தி, விண்ணப்பத்தை முடிக்க நாளை மாலை 5 மணி வரை அவகாசம் தர வேண்டுகிறேன். இப்படிக்கு, ச. லோகப்பிரியா.’ கீழே கைபேசி எண்.

காளிச்சாமிக்கு மனசே ஆறவில்லை. “சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களே அம்மணி?” என்றார். “சேந்ததுக்கு அப்பறம் நேர்லயே போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, மெர்சி லோகப்பிரியாவைப் படிக்கச் சொன்னாள். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, நேரங்களைப் படங்களோடு ஒத்துப்பார்த்து, தானே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அதையே வாட்ஸப்பிலும் போட்டார்கள். மணி ஐந்தே முக்கால். அன்றைக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கே இருவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லோகப்பிரியா தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மெர்சி யாருக்கோ பட்டா சிட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பார்வை அந்தப் போனுக்குப் போனது. பத்து நாற்பதுக்கு அது அடித்தது. லோகப்பிரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

“லோகப்பிரியாங்களா? காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்லருந்து யுஸ்ரா பேசறனுங்க. உங்க மெயில் பாத்தோமுங்க. சைட் பாத்துக்கற கம்பெனில விசாரிச்சாச்சு. நாலு பன்னண்டுலருந்து அஞ்சு வரைக்கும் நின்னிருக்குதுங்க. நீங்க சொன்னது கரெக்ட்டு. பிரின்சிபால் பர்மிஷன் குடுத்துட்டாருங்க. இன்னிக்கி சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் பாதில நின்ன எல்லாருக்குமே தொறந்து உட்டாச்சு. உங்க லாகின்ல போய் முடிச்சிருங்க.”

லோகப்பிரியாவுக்கு “ரொம்ப தேங்க்ஸுங்க” என்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

“அட, நாங்கதானுங்க உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லோணும்” என்றாள் அந்தப் பெண். “நேத்து சாயந்தரம் பதினாலு பேரு மெசேஜ் போட்டிருந்தாங்க. பதினாலு பேருமே லேட்டாயிருச்சு, தப்பு எங்க மேலதானுங்கன்னே எழுதியிருந்தாங்க. எங்களுக்கு எப்படீங்க தெரியும்? லேட்டாத்தான் வந்தாங்களாட்ட இருக்குதுன்னு எல்லாத்துக்கும் ஒரே பதிலை அனுப்பிட்டோம். டைம் போட்டு எழுதுனது உங்களுது ஒண்ணுதான். அதைப் பாத்துத்தான் விசாரிச்சோமுங்க.”

பதினாலு பேர்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயோ, எங்கள் ஊர் மரியாதையே! மெர்சி சிரிக்கவில்லை. “சைட்டு தொறக்கலைன்னு பாதில உட்டுப்போட்டுப் போனவங்களுக்கும் போன் பண்ணீட்டீங்களாங்க?” என்று எட்டிக் கேட்டாள். வரிசையாகப் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது.

சான்றிதழ்கள் ஏறின. கட்டணம் போனது. பதினொன்று பத்துக்கு ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று வந்தது. அப்பாடா! எனக்கே முதுகில் இருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மெர்சி ஒப்புகைச் சீட்டை அச்சடித்து லோகப்பிரியாவின் கையில் கொடுத்தாள். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெர்சியின் தோளில் சாய்ந்து அழுதாள். மெர்சியும் அழுதாள். என் கண்ணில் தூசி விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் நானும் அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

காளிச்சாமி மட்டும் தள்ளி நின்று மருமகளின் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு மெர்சியிடம் நீட்டினார்.

“அம்மணி, நேத்து நான் போட்டதை அழிச்சுக் குடுங்க.”

“மாமா, அவங்க அப்பவே பாத்தாச்சுங்க. இப்ப அழிச்சு என்னங்க ஆகப்போவுது?” என்றாள் லோகப்பிரியா.

“அவங்க பாத்தாப் பாத்துட்டுப் போறாங்க கண்ணு. ஒரு தப்பும் பண்ணாதவளை, லேட்டு பண்ணிப்போட்டான்னு என் கையால எழுதிட்டேன். அது உன்ற போன்ல இருக்க வேண்டாம்.”

லோகப்பிரியா மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை என்று அப்புறம் மெர்சியிடம் சொன்னாளாம். மெர்சி போனை வாங்கி, எப்படி அழிப்பது என்று காட்டினாள். காளிச்சாமி தன் விரலாலேயே அழித்தார்.